வகுத்திகளின் எண்ணிக்கையும் கூடுதலும்: பகாக் காரணி அடுக்குகள் வழியே ஒரு வரலாறு

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் வகுத்திகள் எனப்படும். 12-இன் வகுத்திகள் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் ஆகும். இவற்றில் அந்த எண்ணையே நீக்கிவிட்டால் எஞ்சுபவை தகு வகுத்திகள். ஓர் எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் உள்ளன, அவற்றின் கூடுதல் என்ன என்னும் இரு வினாக்களுக்கும், வகுத்திகளை ஒவ்வொன்றாகத் தேடாமல், அந்த எண்ணின் பகாக் காரணிகளின் அடுக்குகளை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியும். இன்று இரண்டு வரியில் எழுதப்படும் இவ்விதிகள் உருப்பெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவற்றின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்தவை நட்பு எண்கள் என்னும் பழைய புதிர்.

விதியும் அதன் காரணமும்

220 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் பகாக் காரணிப்படுத்தல் 2² × 5 × 11 ஆகும். 220-இன் எந்த வகுத்தியிலும் 2, 5, 11 தவிர வேறு பகா எண் வர இயலாது. 2-இன் அடுக்கு 0, 1, 2 என மூன்றில் ஒன்றாக இருக்கலாம். 5-இன் அடுக்கு 0 அல்லது 1. 11-இன் அடுக்கும் 0 அல்லது 1. ஒவ்வொரு தேர்வும் தனித்தனி வகுத்தியைத் தரும். ஆகவே வகுத்திகளின் எண்ணிக்கை 3 × 2 × 2 = 12. ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்குவதே விதி. அந்த 1 எங்கிருந்து வருகிறது என்றால், அப்பகா எண்ணை எடுக்காமலே விடும் வாய்ப்பிலிருந்து வருகிறது. இதை மறந்து அடுக்குகளை மட்டும் பெருக்கினால் 2 × 1 × 1 = 2 என்ற தவறான விடை வரும்.

கூடுதலுக்கும் இதே எண்ணமே அடிப்படை. (1 + 2 + 4), (1 + 5), (1 + 11) ஆகிய மூன்று அடைப்புகளைப் பெருக்கி விரித்தால் ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துப் பெருக்கிய பன்னிரண்டு பெருக்கற்பலன்கள் கிடைக்கும். அவை 220-இன் பன்னிரண்டு வகுத்திகளே. எனவே அவற்றின் கூடுதல் 7 × 6 × 12 = 504. 220-ஐக் கழித்தால் தகு வகுத்திகளின் கூடுதல் 284.

பொதுவாக, p என்ற பகா எண்ணின் அடுக்கு a எனில், அதற்குரிய அடைப்பு 1 + p + p² + … + pᵃ ஆகும். இது பெருக்குத் தொடர். இதன் கூடுதல் (pᵃ⁺¹ − 1) ÷ (p − 1). இன்று வகுத்திகளின் எண்ணிக்கையை d(n) என்றும், கூடுதலை σ(n) என்றும் எழுதுவது வழக்கம்.

இங்கு மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. எண்ணில் 11² இருந்தால் (1 + 11) என்பதை இருமுறை பெருக்கி 144 என எழுதிவிடுவார்கள். சரியான அடைப்பு 1 + 11 + 121 = 133. அடைப்புகளைப் பெருக்கும் முறை வெவ்வேறு பகா எண்களுக்கிடையே மட்டுமே செல்லும். ஒரே பகா எண் மீண்டும் வரும்போது செல்லாது. (1 + 11)(1 + 11) என்பதை விரித்தால் 11 இருமுறை வந்துவிடும். அது ஒரே வகுத்தியை இருமுறை எண்ணுவதாகும். எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் ஓர் எளிய வழி உண்டு. d(n) ஒற்றை எண்ணாக வந்தால் n கட்டாயம் ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும். எல்லா அடுக்குகளும் இரட்டையாக இருந்தால்தான் 1 கூட்டிய பின் எல்லாமே ஒற்றையாகும்.

பட்டியலிட்டு எண்ணிய காலம்

வகுத்திகளை எண்ணும் ஆர்வம் இவ்விதியைவிடப் பழையது. பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில், புதிதாக அமையும் ஒரு நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்கலாம் என்கிறார். நிலத்தையும் பொறுப்புகளையும் பங்கிட வசதியாக அந்த எண் பல வகையில் வகுபடுகிறது என்பதே காரணம். அதற்கு 59 வகுத்திகள் உண்டு என்றும், 1 முதல் 10 வரை எல்லா எண்களும் அவற்றில் அடங்கும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். 5040 = 2⁴ × 3² × 5 × 7 என்பதால் இன்றைய விதிப்படி 5 × 3 × 2 × 2 = 60 வகுத்திகள். 5040-ஐயே விட்டுவிட்டால் 59. பிளேட்டோவின் கணக்கு சரியானதே.

220, 284 என்ற இணையும் பண்டைக் காலத்திலிருந்தே பேசப்பட்டு வந்தது. 220-இன் தகு வகுத்திகளைக் கூட்டினால் 284 வருவதை மேலே கண்டோம். 284 = 2² × 71 என்பதால் அதன் வகுத்திகளின் கூடுதல் 7 × 72 = 504. 284-ஐக் கழித்தால் 220. ஒன்றின் தகு வகுத்திகள் மற்றொன்றை உருவாக்குவதால் இவை நட்பு எண்கள் எனப்பட்டன. இத்தகைய வேறோர் இணை உண்டா என்பதே அடுத்த வினாவாயிற்று. எண்களை வரிசையாக எடுத்து வகுத்திகளைப் பட்டியலிட்டுத் தேடுவது கையால் செய்ய இயலாத வேலை.

தாபித் இப்னு குர்ரா, அல்-பாரிசி

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் பணியாற்றிய தாபித் இப்னு குர்ரா நட்பு எண்களை உருவாக்கும் ஒரு விதியைக் கண்டார். இன்றைய குறியீட்டில் அதை இவ்வாறு எழுதலாம்.

p = 3 × 2ⁿ⁻¹ − 1
q = 3 × 2ⁿ − 1
r = 9 × 2²ⁿ⁻¹ − 1

இம்மூன்றும் பகா எண்களாக இருந்தால் 2ⁿ × p × q, 2ⁿ × r ஆகிய இரண்டும் நட்பு எண்கள். n = 2 எனில் p = 5, q = 11, r = 71; அதாவது 220-உம் 284-உம் கிடைக்கும்.

இந்த விதி ஏன் செல்கிறது என்பதை அடைப்புகள் எளிதில் காட்டிவிடும். நட்பு எண்கள் இரண்டுக்கும் வகுத்திகளின் கூடுதல் சமமாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் இரு எண்களையும் கூட்டி வருவதற்கும் சமமாக வேண்டும். 2ⁿ-க்குரிய அடைப்பு இரண்டிலும் பொது. எனவே (p + 1)(q + 1) = r + 1 ஆக வேண்டும். n = 4 எனில் p = 23, q = 47, r = 1151. 24 × 48 = 1152 என்பது 1151 + 1-க்குச் சமம். 2⁴-க்குரிய அடைப்பு 31. ஆகவே வகுத்திகளின் கூடுதல் 31 × 1152 = 35712. எண்கள் 16 × 23 × 47 = 17296, 16 × 1151 = 18416. இவ்விரண்டின் கூடுதலும் 35712.

n = 3 எடுத்தால் விதி வழுக்குவதையும் பார்க்க வேண்டும். அப்போது p = 11, q = 23, r = 287. இங்கும் 12 × 24 = 288 என்பது சரியாகவே இருக்கிறது. 287-ஐப் பகா எண் என்று நம்பினால் 2024-உம் 2296-உம் நட்பு எண்கள் என்றே தோன்றும். ஆனால் 287 = 7 × 41. அதற்குரிய உண்மையான அடைப்புகள் 8 × 42 = 336; 288 அல்ல. 2296-இன் வகுத்திகளின் கூடுதல் 15 × 336 = 5040. 2296-ஐக் கழித்தால் 2744. வரவேண்டிய 2024 வரவில்லை. அடைப்பை எழுதும் முன் காரணி உண்மையிலேயே பகா எண்தானா என்று சோதிக்காவிட்டால் கணக்கு எந்த எச்சரிக்கையும் தராமல் தவறிவிடும்.

தாபித் தமது விதியை யூக்ளிடின் வழியில் நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த பாரசீக அறிஞர் கமால் அல்-தீன் அல்-பாரிசி அதே விதிக்கு வேறொரு நிறுவல் தந்தார். அவர் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, அக்காரணிகளை இரண்டிரண்டாக, மும்மூன்றாக எடுத்துப் பெருக்கினால் எல்லா வகுத்திகளும் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கினார். வகுத்திகளை எண்ணுவது தேர்வுகளை எண்ணுவதே என்ற கருத்து இங்கே தெளிவாக வெளிப்படுகிறது. 17296, 18416 இணையும் அவருடைய நூலில் இடம்பெற்றது.

தகு வகுத்தியிலிருந்து முழுக் கூடுதலுக்கு

ஐரோப்பாவில் இதே இணையை 1636-இல் பெர்மா தனித்துக் கண்டறிந்தார். 1638-இல் தெக்கார்த்து n = 7 என்பதற்குரிய 9363584, 9437056 என்ற இணையை மெர்சென்னுக்குத் தெரிவித்தார். இதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் ஐரோப்பாவில் இம்மூன்று இணைகளே அறியப்பட்டிருந்தன. மூன்றுமே தாபித் விதியின் வடிவில் அடங்குபவை.

அக்காலக் கணிதர்கள் பெரும்பாலும் தகு வகுத்திகளின் கூடுதலைப் பற்றியே பேசினர். புதிரே அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் தகு வகுத்திகளின் கூடுதல் பெருக்கலுக்கு இணங்குவதில்லை. 4-இன் தகு வகுத்திகளின் கூடுதல் 3. 55-இன் தகு வகுத்திகளின் கூடுதல் 1 + 5 + 11 = 17. இரண்டையும் பெருக்கினால் 51 வருகிறது. 220-க்கு வேண்டிய 284 வரவில்லை. எண்ணையும் சேர்த்துக்கொண்டால் 7 × 72 = 504 என்று உடனே வந்துவிடுகிறது.

அப்போது பெர்லினில் இருந்த ஆய்லர் இந்த மாற்றத்தை முழுமையாகச் செய்தார். எண்ணையும் உள்ளடக்கிய முழுக் கூடுதலுக்கு அவர் தனிக் குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். 1750-இல் வெளியான நட்பு எண்கள் பற்றிய கட்டுரையில் ∫n என்று எழுதினார். இன்றைய σ(n) அதன் இடத்தில் பின்னர் வந்தது. இக்குறியீட்டால் நட்பு எண்களைத் தேடுவது சமன்பாட்டைத் தீர்ப்பதாக மாறியது.

ஆய்லர் வழியில் ஒரு கணக்கு

4 × 5 × p, 4 × q × r என்ற வடிவில் நட்பு எண்களைத் தேடுவோம். p, q, r மூன்றும் தெரியாத பகா எண்கள்.

முதல் நிபந்தனை, வகுத்திகளின் கூடுதல் இரண்டுக்கும் சமம் என்பது. அதாவது 7 × 6 × (p + 1) = 7 × (q + 1)(r + 1). எழுத வசதியாக q + 1 = x, r + 1 = y என்று வைத்தால் p + 1 = xy ÷ 6 ஆகும்.

இரண்டாம் நிபந்தனை, அந்தக் கூடுதல் இரு எண்களையும் கூட்டி வருவதற்குச் சமம் என்பது. அதாவது 20p + 4qr = 7xy. இதில் p, q, r ஆகியவற்றை x, y கொண்டு எழுதினால்:

20(xy ÷ 6 − 1) + 4(x − 1)(y − 1) = 7xy

இருபுறமும் 3 ஆல் பெருக்கிச் சுருக்கினால் xy − 12x − 12y = 48. இருபுறமும் 144-ஐக் கூட்டினால்:

(x − 12)(y − 12) = 192

இனித் தேடல் மிகச் சிறியது. 192-ஐ இரு காரணிகளின் பெருக்கமாக ஏழு வகையில் மட்டுமே எழுதலாம்: 1 × 192, 2 × 96, 3 × 64, 4 × 48, 6 × 32, 8 × 24, 12 × 16. ஒவ்வொன்றிலும் 12 கூட்டி x, y கண்டு, பின்னர் 1 கழித்து q, r காண வேண்டும்.

1 × 192 எடுத்தால் q = 12; அது பகா எண் அல்ல. 3 × 64 எடுத்தால் q = 14; 4 × 48 எடுத்தால் q = 15; இவையும் ஆகா. 8 × 24 எடுத்தால் q = 19, ஆனால் r = 35. 12 × 16 எடுத்தால் q = 23, ஆனால் r = 27. இந்த ஐந்தும் விழுந்துவிடுகின்றன.

6 × 32 எடுத்தால் x = 18, y = 44. q = 17, r = 43, p = 18 × 44 ÷ 6 − 1 = 131. மூன்றும் பகா எண்கள். கிடைக்கும் இணை 2620, 2924.

2 × 96 எடுத்தால் x = 14, y = 108. q = 13, r = 107, p = 251. மூன்றும் பகா எண்கள். கிடைக்கும் இணை 5020, 5564.

சரிபார்ப்போம். 2620-க்கு 7 × 6 × 132 = 5544; 2924-க்கு 7 × 18 × 44 = 5544; 2620 + 2924 = 5544. இரண்டாம் இணையையும் வாசகர் இவ்வாறே சரிபார்க்கலாம். அங்கு வரவேண்டிய எண் 10584.

இரண்டு இணைகளும் ஆய்லர் கண்டவை. இவை தாபித் விதியின் வடிவில் அடங்காதவை. பொதுக் காரணியையும் மற்றக் காரணிகளின் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றி இவ்வகைச் சமன்பாடுகளை அவர் அமைத்தார். 1747-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் 30 இணைகளைப் பட்டியலிட்டார். 1750-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது ஏறத்தாழ அறுபதாக வளர்ந்தது.

விடுபட்ட இணை

ஆயினும் மிகச் சிறிய இணைகளில் இரண்டாவது ஆய்லரின் பட்டியலில் இல்லை. 1866-இல் நிக்கோலோ பகனீனி என்ற பதினாறு வயது இத்தாலிய இளைஞர் 1184, 1210 ஆகியவை நட்பு எண்கள் என்று அறிவித்தார். புகழ்பெற்ற வயலின் கலைஞரின் பெயரும் இதுவே, இவர் வேறொருவர்.

சரிபார்ப்பு சில நொடி வேலை. 1184 = 2⁵ × 37 என்பதால் கூடுதல் 63 × 38 = 2394. 1210 = 2 × 5 × 11² என்பதால் கூடுதல் 3 × 6 × 133 = 2394. இரு எண்களையும் கூட்டினாலும் 2394. மேலே தீர்த்த கணக்கில் பொதுக் காரணி 4 இரண்டு எண்களிலும் ஒரே அடுக்கில் இருந்தது. எஞ்சிய பகா எண்கள் எல்லாம் ஒருமுறை மட்டுமே வந்தன. இந்த இணையிலோ 2-இன் அடுக்கு ஒன்றில் 5, மற்றொன்றில் 1. போதாததற்கு 11 இருமுறை வருகிறது. சமன்பாட்டை அமைக்கும்போது எந்த வடிவத்தை எடுக்கிறோமோ அந்த வடிவத்தில் உள்ளவை மட்டுமே வலையில் விழும். விதி ஓர் எண்ணைச் சோதிக்கும் வழியைத் தருகிறது. எங்கே தேட வேண்டும் என்பதைத் தருவதில்லை.

எண்ணிக்கையும் இராமானுசனும்

வகுத்திகளின் கூடுதலை ஆய்லர் எடுத்துக்கொண்டதுபோல், வகுத்திகளின் எண்ணிக்கையை ஆழமாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுசன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் பொருள் உயர் பகு எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 12 அத்தகையது, அதற்கு ஆறு வகுத்திகள், அதைவிடச் சிறிய எதற்கும் ஆறு இல்லை. பிளேட்டோவின் 5040-உம் இவ்வகையே.

அடுக்குகளை மட்டும் பார்த்தே இவ்வெண்களின் உருவத்தைச் சொல்லலாம். 18 = 2 × 3², 12 = 2² × 3. இரண்டிலும் அடுக்குகள் 1, 2 என்பவையே. எனவே இரண்டுக்கும் ஆறு வகுத்திகள். பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுத்தால் எண்ணிக்கை மாறாமல் எண் சிறிதாகிறது. ஆகவே உயர் பகு எண்ணில் 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு மிகாது, 3-இன் அடுக்கைவிட 5-இன் அடுக்கு மிகாது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. இதற்கு அப்பால் சென்று, 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்று இராமானுசன் நிறுவினார்.

அவருடைய கட்டுரையில் உயர் பகு எண்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800. இதன் காரணிப்படுத்தல் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. விதிப்படி வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. பதின்மூன்று இலக்க எண்ணின் பத்தாயிரம் வகுத்திகளையும் ஒன்றுகூட எழுதிப் பார்க்காமல் எண்ணிவிட முடிகிறது.

இப்பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அது 293318625600. மேற்கண்ட கடைசி எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் நீக்கினால் வருவது இதுவே: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. 23 போனதால் ஒரு 2 குறைந்து வகுத்திகள் 5040 ஆகின்றன. அடுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் எவருக்கும் இது ஒரு நிமிடக் கணக்கு. ஆய்லரின் பட்டியலில் 1184 விடுபட்டதும் இராமானுசனின் பட்டியலில் இவ்வெண் விடுபட்டதும் ஒரே வகையானவை.

விதியின் எல்லை

இரு விதிகளும் பகாக் காரணிப்படுத்தல் கையில் இருந்தால்தான் பயன்படும். பல நூறு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இரு பெரிய பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் அவற்றைப் பிரிப்பது இன்றைய கணினிகளுக்கும் கடினம். பிரிக்காதவரை அதன் σ(n) கிடைக்காது. மறுபுறம், அந்த எண்ணின் σ(n) தெரிந்துவிட்டால் காரணிகள் உடனே வெளிப்பட்டுவிடும். n = pq எனில் σ(n) = n + p + q + 1. எனவே p + q தெரியும், pq முன்பே தெரியும். ஓர் இருபடிச் சமன்பாடு போதும்.

நட்பு எண்களைப் பொறுத்தவரை, கணினி வந்தபின் மிகப் பல இணைகள் கண்டறியப்பட்டுவிட்டன. ஆனால் இணைகள் முடிவின்றி உள்ளனவா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஒன்று இரட்டை, மற்றொன்று ஒற்றை என அமைந்த இணை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை; அத்தகையது இருக்க முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை.